மெலிந்த கைக்கு ஒரு வாட்ச்

வணக்கம். அம்மாவுக்கு 64 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. கை மிகவும் மெலிந்தது. எந்த வாட்ச் கட்டினாலும் சுற்றிக்கொண்டு உள்பக்கம் போய்விடுகிறது. சின்னதாக வாங்கினால் மணி தெரியவில்லை என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?
வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

கடைக்குப் போகுமுன் அம்மாவின் மணிக்கட்டை ஒரு நூலால் சுற்றி அளந்துவிடுங்கள். அப்புறம் மேல்பக்கம் தட்டையாக இருக்கும் அகலத்தை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சுற்றளவு 13.5 செ.மீ. என்றால் அந்த அகலம் சுமார் 4.5 செ.மீ. இருக்கும். ஸ்ட்ராப் மாட்டும் மேல் காதிலிருந்து கீழ்க் காதுவரை வாட்சின் நீளம் இதற்குள் அடங்க வேண்டும். விளம்பரங்களில் பெரும்பாலும் விட்டத்தை மட்டும்தான் போடுவார்கள். காது நீண்டிருந்தால் சின்ன வாட்ச்கூட கையில் உட்காராது.

மணி தெரியாததற்கு வாட்ச் சின்னது என்பது மட்டும் காரணமல்ல. 26 மி.மீ. வாட்சில் சுற்றிலும் கல் பதித்துவிட்டால் டயலுக்கு மிஞ்சுவது 18 மி.மீ.தான். அதே 26-இல் விளிம்பு மெல்லியதாக இருந்தால் டயல் 23 வரை கிடைக்கும். வெள்ளை டயல், கறுப்பு முள், 12 எண்களும் உள்ளதாகப் பாருங்கள். ரோமன் எண் வேண்டாம், சின்ன டயலில் VII-யும் VIII-யும் ஒன்றுபோலத் தெரியும். வெள்ளி டயலில் வெள்ளி முள் பளபளப்பது கடை விளக்கில் அழகுதான். ஆனால் வீட்டு டியூப்லைட்டில் முள்ளைத் தேட வேண்டியிருக்கும்.

கடையில் எல்லா வாட்சும் 10:10-இல் நிற்கும். சாவியைத் திருகி 7:23 வையுங்கள். கையை நீட்டச் சொல்லி, அம்மா தினமும் போடும் கண்ணாடியோடு படிக்கச் சொல்லுங்கள். பெரிய முள் நிமிடக் கோடுகளைத் தொடாவிட்டால், ஆசிரியையாக இருந்தாலும் 22-ஆ 24-ஆ என்று தடுமாறுவார். டைமெக்ஸ் ஈஸி ரீடரில் 25 மி.மீ. அளவு உண்டு, கிடைத்தால் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சாவியை அழுத்தினால் டயல் ஒளிரும், இரவில் வசதி.

இனி ஸ்ட்ராப். வாட்ச் சுற்றிக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஸ்ட்ராப் தளர்வாக இருப்பதுதான் காரணம். கடைசி ஓட்டையில் போட்டும் தளர்ந்தால் ஆணியால் குத்தாதீர்கள், தோல் கிழியும். கடையில் பஞ்ச் இருக்கும். ஆனால் அப்படி ஓட்டை போடப் போட பக்கிள் கையின் நடுவிலிருந்து விலகி, வாட்சை ஒரு பக்கம் இழுக்கும். நீளம் குறைந்த ஸ்ட்ராப் கேட்டு வாங்குவதே மேல். வியர்க்கும் கை என்றால் தோல் சீக்கிரம் நாறும். செயின் போடுங்கள், கண்ணிகளை இரண்டு பக்கமும் சமமாக எடுக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் நுழையும் அளவு இடம் போதும். கழற்றிய கண்ணிகளைத் திருப்பிக் கேட்டு வாங்கி வையுங்கள், கை கொஞ்சம் பருத்தால் தேவைப்படும்.

ஸ்ட்ராப்பின் அகலம் 12 அல்லது 14 மி.மீ. ஆக, நேர்வெட்டாக இருக்கட்டும். வாட்சோடு ஒட்டி வளைந்த டிசைன் ஸ்ட்ராப் பிய்ந்தால், மாற்றுக்கு அந்தக் கம்பெனியைத்தான் தேடிப் போக வேண்டும்.