யார் வாடகை பாக்கி, யாருக்கு இந்த வாரம் கெடு: ஞாயிறு காலைப் பட்டியல்

"மதுரையில் அப்பா காலத்துக் காம்பவுண்டு, எட்டு போர்ஷன். முன்பக்கம் ஒரு கடையும், ஒரு கம்பெனிக்கு விட்ட மாடியும் உண்டு. சிலருக்கு 5ஆம் தேதி, சிலருக்கு 10ஆம் தேதி வாடகை. நோட்டில் பேர் எழுதி டிக் போட்டுக்கொண்டு வருகிறேன். பாதி பாதியாகத் தருபவர்களால் குழம்புகிறது. வாராவாரம் யார் பாக்கி, அடுத்து யாருக்குக் கெடு என்று ஒரே பார்வையில் தெரிய என்ன செய்யலாம்?"

முதலில் டிக் போடுவதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். டிக் என்பது தந்தார் அல்லது தரவில்லை என்ற இரண்டைத்தான் சொல்லும், 8,500 ரூபாய் வாடகைக்கு 5,000 கொடுத்துவிட்டு "மிச்சம் அடுத்த வாரம் தர்றேன்" என்று போனவரை அதற்குள் அடைக்க முடியாது. நீங்கள் அந்த மாதப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக 3,500 என்று எழுதி வைப்பீர்கள், பக்கம் திரும்பியதும் அது கண்ணை விட்டுப் போய்விடும்.

நம் ஊர் நகராட்சிகளில் சொத்து வரிக்குக் கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கு வைப்பார்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது ஒரு தாள், யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்பது வேறொரு தாள். நிலுவையை யாரும் கையால் எழுதக் கூடாது, அது கணக்கிலிருந்து தானாக வர வேண்டும். கூகுள் ஷீட் ஒன்று போதும், இதற்கென்று காசு கொடுத்து ஆப் வாங்கத் தேவையில்லை.

புது ஷீட் திறந்ததும் File, அதற்குள் Settings போய் Locale என்ற இடத்தில் India என்று வையுங்கள், Time zone-ஐயும் நம் நேரத்துக்கு மாற்றுங்கள். இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அமெரிக்க அமைப்பில் இருந்தால் நீங்கள் 05/06/2025 என்று போடும் ஜூன் 5ஐ அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும், சத்தமே போடாது. 25/06/2025 என்று போட்டால் அதற்குப் புரியாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். தேதி கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நின்றால் அது தேதியாகப் புரிந்திருக்கிறது, இடது ஓரத்தில் நின்றால் புரியவில்லை. ஆனால் மே 6ஆக மாறியதும் வலப்பக்கம்தான் நிற்கும் என்பதால், Locale சரியாக இருப்பது ஒன்றே பாதுகாப்பு.

இப்போது "கேட்பு" என்று ஒரு தாள். A கெடு தேதி, B வீடு, C எதற்காக, D தொகை, E நிலுவை, F தாமத நாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. வாடகை ஒரு வரி, சப் மீட்டர் கரண்ட் காசு தனி வரி, தண்ணீருக்கோ மோட்டாருக்கோ வாங்கினால் அதுவும் தனி வரி. வேலை கூடுதலாகத் தெரியும்தான். ஆனால் ஒவ்வொரு மாதத் தொகையும் அதனதன் வரியில் தங்கிவிடுவதால், அடுத்த வருடம் வாடகையை 500 ஏற்றினாலும் பழைய மாதங்கள் கலையாது. வாடகையை ஒரே கட்டத்தில் வைத்து மாதங்களால் பெருக்கும் ஷீட்டுகள் அந்த இடத்தில்தான் கவிழும்: கட்டத்தை மாற்றிய நொடியில், ஒழுங்காகத் தந்தவருக்குக்கூடப் போன வருடம் முழுக்க பாக்கி என்று காட்டும்.

"வரவு" என்று இன்னொரு தாள். A தேதி, B வீடு, C தொகை, D எப்படி வந்தது. ரொக்கமா, யுபிஐயா, செக்கா என்பது D-யில். யுபிஐ என்றால் அந்த 12 இலக்க எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். குடியிருப்பவரின் தம்பியோ மருமகனோ அவர்கள் எண்ணிலிருந்து அனுப்புவது நடக்கும், பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து வரவு வைக்காதீர்கள், வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு வையுங்கள்.

இரண்டு தாளிலும் வீட்டின் பெயர் ஓர் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் "வீடு 3", இன்னோரிடத்தில் இடைவெளி இல்லாமல் "வீடு3" என்று இருந்தால் தந்த பணம் கணக்கில் சேராது. அதனால் கையால் அடிக்க வேண்டாம். வீடுகளின் பெயர்களைத் தனித் தாளில் ஒரு முறை எழுதிவிட்டு, Data, Data validation வழியாக Dropdown (from a range) போட்டுவிடுங்கள். ஆள் பெயரை வைக்காமல் வீட்டு எண்ணை வைப்பது நல்லது. ஆனால் ஒருவர் காலி செய்து வேறொருவர் வரும்போது "வீடு 3-B" என்று புதுப் பெயர் கொடுங்கள், இல்லையென்றால் போனவருடைய பாக்கி வந்தவர் தலையில் ஏறும்.

கேட்பு தாளில் E2 கட்டத்தில் இது:

```
=MAX(0, MIN(D2, SUMIFS(D$2:D2,B$2:B2,B2) - SUMIFS('வரவு'!C:C,'வரவு'!B:B,B2)))
```

F2 கட்டத்தில் இது:

```
=IF(E2>0, MAX(0,TODAY()-A2), 0)
```

இரண்டையும் வரிகள் இருக்கும் மட்டும் கீழே இழுங்கள், காலி வரிகளுக்குக் கொண்டுபோக வேண்டாம். முதல் சூத்திரம் செய்வது இதுதான்: அந்த வீட்டுக்கு இந்த வரி வரைக்கும் கேட்ட மொத்தத்தைக் கூட்டி, அந்த வீட்டிலிருந்து வந்த மொத்தத்தைக் கழிக்கிறது. வந்த பணம் பழைய பாக்கியை முதலில் அடைத்துக்கொண்டு வரும், மிச்சம் கடைசி வரிகளில் நிற்கும். அதனால் ஒரே வீட்டின் வரிகள் தேதி வரிசையில் இருக்க வேண்டும், நடுவில் செருகக் கூடாது.

உங்கள் மூன்றாம் வீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை 8,500, கெடு 5ஆம் தேதி. ஏப்ரல் 7இல் 8,500 வந்தது, மே 12இல் 5,000, ஜூன் 6இல் 8,500. உங்கள் நோட்டில் ஜூனுக்கு டிக் விழுந்திருக்கும், 3,500 மே மாதப் பக்கத்தில் தூங்கும். ஷீட்டில் மூன்று மாதக் கேட்பு 25,500, வரவு 22,000. மே வரி முழுசாக அடைந்துவிட்டது, ஜூன் 5 வரியில் 3,500 நிற்கிறது. 2025 ஜூன் 15, ஞாயிறு காலையில் திறந்தால் 10 நாள் தாமதம் என்று காட்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த 3,500 உண்மையில் மே மாதத்திலிருந்து குறைகிறது, ஆனால் பட்டியலில் புதுசாக 10 நாள் மட்டும் தெரிகிறது. ஒவ்வொரு மாதமும் முழு வாடகையைத் தந்துவிட்டு, பழைய துண்டு விழுந்த தொகையைத் தொடாமலே வைத்திருப்பவர் எப்போதும் சில நாள் தாமதக்காரராகத்தான் தெரிவார். நாள் கணக்கை மட்டும் பார்த்தால் பிடிபடாது, அதே தொகை வாரம் மாறியும் நிற்கிறதா என்று பார்த்தால் பிடிபடும். இன்னொன்று, "இது ஜூன் வாடகை" என்று சொல்லித் தந்தால், அதை ஜூனுக்குத்தான் வரவு வைக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு. ஒன்றும் சொல்லாமல் தந்தால் எந்தப் பாக்கிக்கு வைப்பது என்பது உங்கள் விருப்பம். மொத்த நிலுவை இரண்டு வழியிலும் ஒன்றுதான், ரசீதில் எந்த மாதம் என்று எழுதும்போது மட்டும் அவர் சொன்னதையே எழுதுங்கள்.

அப்புறம் "வாரம்" என்ற மூன்றாவது தாள். இதுதான் ஞாயிறு காலையில் நீங்கள் திறக்கப் போவது. A3 கட்டத்தில் தாமதமானவர்கள்:

```
=IFNA(FILTER('கேட்பு'!A2:F,'கேட்பு'!E2:E>0,'கேட்பு'!A2:A<TODAY()),"பாக்கி இல்லை")
```

H3 கட்டத்தில் இன்றிலிருந்து சனிக்கிழமை வரை கெடு வருபவர்கள்:

```
=IFNA(FILTER('கேட்பு'!A2:E,'கேட்பு'!E2:E>0,'கேட்பு'!A2:A>=TODAY(),'கேட்பு'!A2:A<=TODAY()+6),"கெடு இல்லை")
```

தேதி எண்ணாகத் தெரிந்தால் A, H நெடுவரிசைகளை Format, Number, Date என்று மாற்றிவிடுங்கள். இன்றே கெடு உள்ளவர் இரண்டாவது பட்டியலில்தான் வருவார், அது நியாயம்தான். முன்கூட்டியே தந்தவர் எதிலும் வர மாட்டார்.

இந்தப் பட்டியல் தினமும் மாறிக்கொண்டே இருக்கும், நேற்று எப்படி இருந்தது என்பதை வைத்திருக்காது. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அதை நகலெடுத்து "பழசு" என்ற தாளில் Ctrl+Shift+V போட்டு ஒட்டுங்கள், வெறும் மதிப்புகள் மட்டும் போகும். மேலே அந்த வாரத் தேதி. மூன்றாம் வீட்டின் 3,500 நான்கு வாரமாக அசையாமல் இருப்பது இங்கேதான் தெரியும். கெடு வரப்போகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். தாமதமானவர்களிடம் மட்டும் போனில் பேசுங்கள், ஞாபகத்திலிருந்து சொல்லாமல் தேதியும் தொகையும் சொல்லிப் பேசுங்கள்.

அடுத்த மாதத்துக்கான கேட்பு வரிகளை இந்த மாதக் கடைசி ஞாயிறன்றே போட்டுவிட வேண்டும், மறந்தால் பட்டியல் "கெடு இல்லை" என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். 5ஆம் தேதி வரும் வாரத்தில் அப்படி வந்தால் யாரும் முன்பணமாகத் தந்துவிடவில்லை, நீங்கள் வரி சேர்க்கவில்லை என்று அர்த்தம்.

கணக்கை அடியோடு கெடுப்பவை இரண்டு. ஒன்று அட்வான்ஸ். புதிதாக வந்தவர் தந்த 50,000ஐ வரவு தாளில் போட்டுவிட்டால், அதை வாடகையாக எடுத்துக்கொண்டு அவர் ஐந்து மாதம் தராவிட்டாலும் பட்டியலில் வர மாட்டார். அட்வான்ஸ் வீடுகளின் பெயர் இருக்கும் தாளில் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று அந்த மாடிக் கம்பெனி. வாடகை 60,000 என்று வைத்துக்கொள்வோம், 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்து 54,000தான் அனுப்புவார்கள். வரவில் 54,000 ஒரு வரி, 6,000 டிடிஎஸ் என்று இன்னொரு வரி போடுங்கள், இல்லாவிட்டால் ஒழுங்காகத் தரும் கம்பெனி மாதம் 6,000 பாக்கிக்காரராக ஏறிக்கொண்டே போகும். அந்த டிடிஎஸ் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் பெயரில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டிலிருந்து மாறும்போது பழைய வருடங்களை எல்லாம் ஏற்ற வேண்டாம். ஒரு மாதத்தின் 1ஆம் தேதியைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் "பழைய பாக்கி" என்று கேட்பில் முதல் வரியாக ஒரே தொகையைப் போடுங்கள். போடும் முன் அந்த வீட்டுக்காரரிடம் நோட்டைக் காட்டி "என் கணக்கில் இவ்வளவு நிற்குது, உங்களுக்குச் சரியா இருக்கா" என்று கேளுங்கள். அவரிடமும் ஒரு கணக்கு இருக்கும், தொகை ஒத்துப்போன பிறகு வரியை எழுதுங்கள்.