‘ஓடினேன்’ சரி, ‘சாப்பிடினேன்’ ஏன் தப்பு? – வினைச்சொல் கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் முப்பது வருடம் தமிழ் நடத்திவிட்டு ஓய்வில் இருக்கிறேன். காலம், விகுதி பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் முதல் ஆளுக்குத்தான் முழுப் பதில்.

சௌகார்பேட்டை, ஒரு அம்மா: எங்க வீட்டுல இந்திதான். பையன் ஆறாவது. ‘நேற்று ஓடினேன், சாப்பிடினேன்’னு எழுதுறான். ஓடினேன் சரின்னா சாப்பிடினேன் ஏன் தப்பு மிஸ்?

பையன் கெட்டிக்காரன். தமிழை வீட்டில் பேசாத பிள்ளைதான் இப்படி விதி தேடும். விதி இருக்கிறது, பாதியைத்தான் பிடித்திருக்கிறான்.

டு, று என்று முடியும் வினைகளை இரண்டு கூடையில் போடச் சொல்லுங்கள். டு, று-வுக்கு முன்னால் ஒரே ஒரு குறில் எழுத்து மட்டும் இருந்தால் அந்த டு, று இரட்டிக்கும். விடு, விட்டேன். நடு, நட்டேன். தொடு, தொட்டேன். பெறு, பெற்றேன். முன்னால் நெடில் இருந்தாலும், ஒன்றுக்கு மேல் எழுத்து இருந்தாலும் ‘இன்’ வரும். ஓடு, ஓடினேன். ஏறு, ஏறினேன். திருடு, திருடினேன்.

‘சாப்பிடு’ நீளமான சொல்தானே என்பான். அதன் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ‘இடு’ ஒளிந்திருக்கிறது. இடு, இட்டேன். அதனால் சாப்பிட்டேன், கூப்பிட்டேன். ‘புறப்படு’வில் ‘படு’ இருக்கிறது, எனவே புறப்பட்டேன்.

அடங்காத பிள்ளை ஒன்று உண்டு: ‘போடு’. நெடில்தான், ஆனாலும் போட்டேன். அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

கொடு, எடு இந்தக் கணக்கில் வராது. ‘கொடுக்கிறேன்’ என்று க் அழுத்தி வருகிற வினைகளுக்குத் தனி வழி. அடுத்த கேள்வியில் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை, டியூஷன் எடுப்பவர்: எட்டு பிள்ளைங்க, நாலாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் கலந்து இருக்காங்க. காலத்தை எந்த வரிசையில நடத்தலாம்? பயிற்சியும் குடுங்க.

எல்லாரும் இறந்தகாலத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதுதான் கஷ்டமான காலம். நிகழ்காலத்தில் ஆரம்பியுங்கள்.

முதல் படி, நாலாவது, ஐந்தாவதுக்கு. காலத்தைத் தொடவே வேண்டாம், விகுதி மட்டும் மாறட்டும். ‘வருகிற்’ என்பதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வாலை மட்டும் பிள்ளைகள் ஒட்டட்டும். நான் வருகிறேன், நாங்கள் வருகிறோம், நீ வருகிறாய், நீங்கள் வருகிறீர்கள், அவன் வருகிறான், அவள் வருகிறாள், அவர் வருகிறார், அவர்கள் வருகிறார்கள், அது வருகிறது. ‘அவை’ வரும்போது நிறுத்துங்கள். ‘வருகிறன’ என்று தமிழில் இல்லை. அங்கே ‘கின்று’ வந்தாக வேண்டும்: அவை வருகின்றன. இந்த ஒன்றை ஐந்தாவதிலேயே பிடித்துக்கொண்டால் பத்தாவது வரை தப்பு வராது. பிறகு போகிற், படிக்கிற், தூங்குகிற் என்று கொடுங்கள்.

இரண்டாம் படி, ஆறாவதுக்கு. நிகழ்காலத்தைப் பார்த்தே எதிர்காலத்தைச் சொல்லிவிடலாம். ‘க்கிற’ இருந்தால் ‘ப்ப’: படிக்கிறான், படிப்பான். ‘கிற’வுக்கு முன் ட், ற், ண், ன் என்ற மெய் நின்றால் ஒற்றைப் ப்: கேட்கிறான், கேட்பான், நிற்கிறான், நிற்பான், உண்கிறான், உண்பான். மற்றதற்கெல்லாம் வ்: செய்கிறான், செய்வான், ஓடுகிறான், ஓடுவான். பயிற்சிக்குச் சிரிக்கிறாள், விற்கிறார், போகிறோம், தின்கிறேன், எழுதுகிறாய். விடை: சிரிப்பாள், விற்பார், போவோம், தின்பேன், எழுதுவாய்.

மூன்றாம் படி, ஏழாவது எட்டாவதுக்கு. இறந்தகாலத்தை இப்படி ஊகிக்க முடியாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: வினையைக் கற்றுக்கொடுக்கும்போதே இறந்தகாலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ‘நிற்கிறான்’ என்று மட்டும் தெரிந்த பிள்ளை ‘விற்கிறான்’ மாதிரி ‘நிற்றான்’ என்றுதான் எழுதும். நின்றான், விற்றான் இரண்டையும் காது கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் முழு இருட்டு இல்லை. இ, ஐ என்று முடியும் பகுதிகளில் நல்ல வெளிச்சம் உண்டு. ‘உடை’யை எடுங்கள். தண்ணி லாரி வரிசையில் குடம் விழுந்து உடைகிறது. அங்கே கிற, அதனால் உடைந்தது. ஒருவன் குடத்தை உடைக்கிறான். இங்கே க்கிற, அதனால் உடைத்தான். தானாக நடந்தால் ந்த், ஒருவர் செய்தால் த்த். அழிகிறது, அழிந்தது, அழிக்கிறான், அழித்தான். ‘தானாக’ என்ற அர்த்தத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம். சிரிப்பு தானாகத்தான் வரும், ஆனாலும் சிரிக்கிறான், சிரித்தான். க் இருக்கிறதா என்று பார்ப்பதே பத்திரம். முதல் பதிலில் விட்டுவைத்த கொடு, எடுவும் இப்படித்தான்: கொடுக்கிறான், கொடுத்தான், எடுக்கிறான், எடுத்தான்.

பகுதி அகரத்தில் முடிந்து ‘க்கிற’ வந்தால் மட்டும் த்த் வராது. நட, மற, பற: நடந்தான், மறந்தான், பறந்தான். ‘இரு’வும் இவர்களோடு சேர்ந்துகொள்ளும்: இருந்தான்.

பயிற்சி: வளைகிறது, வளைக்கிறான், திறக்கிறாள், குடிக்கிறோம், கலக்கிறார், அலைகிறாய், தொடுகிறேன், தேடுகிறார்கள். விடை: வளைந்தது, வளைத்தான், திறந்தாள், குடித்தோம், கலந்தார், அலைந்தாய், தொட்டேன், தேடினார்கள்.

வியாசர்பாடி, ஒன்பதாவது மாணவி: மிஸ், ‘வந்தான்’ பிரிச்சு எழுதுறப்போ ந்த் தான இடைநிலை? மார்க் போயிடுச்சு.

போகத்தான் செய்யும். வா, த், த், ஆன். ‘வா’ குறுகி ‘வ’ ஆனது விகாரம். முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம். இரண்டாம் த்தான் இறந்தகால இடைநிலை. நான் மேலே ந்த், த்த் என்று சேர்த்துச் சொன்னது காதுக்காக. தாளில் அப்படி எழுதாதே. நன்னூல் இறந்தகாலத்துக்குத் தருவது த், ட், ற், இன் என்ற நான்குதான்.

அதே மாணவி: அப்போ ‘விட்டான்’? எங்க சார் ஒண்ணு சொல்றார், கைடு வேற சொல்லுது.

விடு, ட், ஆன் என்று பிரிப்பவர்கள் உண்டு. பகுதியே இரட்டித்துக் காலம் காட்டியது, தனி இடைநிலை இல்லை என்பது பழைய உரைவழி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தாளைத் திருத்துவது உன் சார். அவர் சொன்னதை எழுது.

ராயபுரம், ஒரு அப்பா: சாப்பிடு இறந்தகாலம் எப்படி வரும்?

முதல் பதில்.

காசிமேடு, பெயர் வேண்டாம் என்றவர்: எங்க தாத்தா செத்து இருபது வருஷம் ஆச்சு. ‘தாத்தா விடியக்காலையில கடலுக்குப் போவார், மத்தியானம் திரும்புவார்’னு பொண்ணு கட்டுரை எழுதினா. செத்தவருக்கு எதிர்காலமான்னு டீச்சர் சுழிச்சுட்டாங்க.

உங்கள் பெண் எழுதியது நல்ல தமிழ். வழக்கமாக நடந்ததைச் சொல்லவும் தமிழில் இந்த ப், வ் வடிவம்தான் வரும். ‘போனார்’ என்றால் ஒரு நாள் போனார். ‘போவார்’ என்றால் அதுதான் அவர் பிழைப்பு. ‘அப்போதெல்லாம்’ என்று ஒரு சொல் முன்னால் போட்டிருந்தால் டீச்சரின் பேனா நின்றிருக்கும். அந்தத் தாத்தா எந்த வலை போடுவார் என்றும் எழுதச் சொல்லுங்கள், கட்டுரை இன்னும் நன்றாக இருக்கும்.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்: அம்மா, ‘மாடுகள் நாளை வரும்’ என்று கற்பிக்கிறீர்கள். பன்மைக்கு ‘வருவன’ அல்லவா முறை? இலக்கணத்தைச் சுருக்காதீர்கள்.

பழைய இலக்கணத்தில் ‘வருவன’ உண்டு, ஐயா. இன்று ‘வருவன’ என்று எழுதினால் ‘வருகின்றவை’ என்று பெயராகத்தான் படிப்பார்கள். இக்கால உரைநடையில் அதுவும் வரும், அவையும் வரும்தான். ஆறாவது பிள்ளைக்கு அது போதும்.

அதே அஞ்சல் ஊழியர்: சுருக்கிச் சுருக்கித்தான் பிள்ளைகள் ‘வந்துகினு, போய்க்கினு’ என்று எழுதுகிறார்கள். அதை முதலில் ஒழியுங்கள்.

எழுத்தில் வேண்டாம் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. ஒழிப்பதில்தான் சண்டை. ‘கினு’ வேறொன்றும் இல்லை, ‘கொண்டு’தான். ‘வந்துகிட்டு’ என்று மற்ற ஊரில் சொல்கிறார்களே, அதுவும் அதே ‘கொண்டு’தான். அதற்கு மட்டும் யாரும் முகம் சுளிப்பதில்லை. நான் வகுப்பில் ‘கினு’வை வைத்தே பாடம் எடுத்தேன். ‘ஆடிக்கினு இருந்தாங்க’ என்று ஒருவன் சொன்னால், கினுவை எடுத்துவிட்டுக் கொண்டு போடு என்பேன். ‘ஆடிக்கொண்டிருந்தார்கள்’ தானாக வந்துவிடும்.

பெரம்பூர், இல்லத்தரசி: நான் மதுரைக்காரி. இங்க வந்து என் பொண்ணு ‘இஸ்துகினு’ன்னு பேசுறா. டீச்சரே இதுக்கு வக்காலத்து வாங்கினா எப்படி?

இழுத்துக்கொண்டு. அதைத்தான் சொல்கிறாள். அவளுக்கு ‘இழு’வின் இறந்தகாலம் தெரிகிறது என்று அர்த்தம்.

அஞ்சல் ஊழியர், மூன்றாம் முறை: கொச்சைக்கு வேர் கண்டுபிடித்தால் அது செந்தமிழ் ஆகிவிடாது.

ஆகாதுதான். நீங்களும் விடப்போவதில்லை, நானும் விடப்போவதில்லை. பிள்ளைகளுக்கு நாலாம் படிப் பயிற்சி தந்துவிட்டுப் போகிறேன். பேச்சை எழுத்தாக்குங்கள்: ‘படகுங்க கரைக்கு வருது’, ‘பஸ்ஸு போயிடுச்சு’, ‘நாய்ங்க ஓடுச்சு’, ‘அவங்க மீன் வித்துகினு இருந்தாங்க’. விடை: படகுகள் கரைக்கு வருகின்றன. பேருந்து போய்விட்டது. நாய்கள் ஓடின. அவர்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் பாதிப் பேர் ‘ஓடினன’ என்று எழுதுவார்கள். ‘வந்தன’வைப் பார்த்து வரும் தப்பு. ஓடு, இன், அ என்று கூட்டினால் ‘ஓடின’தான்.

எண்ணூர், பத்தாவது மாணவன்: முயற்சித்தேன் எழுதலாமா?

முயன்றேன். ‘முயல்’ என்று வினை இருக்கும்போது பெயரிலிருந்து இன்னொன்று செய்வானேன்? ‘முயற்சி செய்தேன்’ என்றாலும் சரி. செய்தித்தாளில் பார்த்தேன் என்று கிளம்பாதே.

பழைய வண்ணாரப்பேட்டை, ஒரு அம்மா: இறந்தகாலத்துக்கு ஒரே ஒரு ஃபார்முலா குடுங்க, தேர்வு வியாழக்கிழமை.

இல்லை. மூன்றாம் படியில் இருக்கும் எட்டு வினைகளை இன்றிரவு நிகழ்காலம், இறந்தகாலம் என்று ஜோடியாகச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். நாளை வேறு எட்டு.

கொடுங்கையூர், ஏழாவது மாணவன்: போடு மட்டும் ஏன் மிஸ் போட்டேன்? போடினேன் ஏன் இல்ல?

நானும் பல வருடம் அதையே கேட்டேன் கண்ணு. மனப்பாடம் பண்ணு.