ஆய்வேட்டின் முன்பக்கங்கள்: எது முதலில், எது அப்புறம்?

பி.இ. இறுதியாண்டு மாணவர்: போனஃபைடு முதலா, டிக்ளரேஷன் முதலா? சீனியர் ரிப்போர்ட்டில் டிக்ளரேஷனே காணோம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் ரிப்போர்ட் வடிவத்தில் அட்டை, தலைப்புப் பக்கம், போனஃபைடு, அப்ஸ்ட்ராக்ட், பொருளடக்கம் என்றுதான் வரிசை போகிறது. அதில் டிக்ளரேஷன் இல்லை என்பதால் சீனியர் செய்தது சரிதான். உங்கள் கல்லூரி கேட்டால் போனஃபைடுக்குப் பின்னால் டிக்ளரேஷன், அடுத்து நன்றியுரை, அதற்கப்புறம் அப்ஸ்ட்ராக்ட் என்று வையுங்கள்.

எம்.ஏ. தமிழ் மாணவி: சான்றிதழும் உறுதிமொழியும் ஒரே விஷயம்தானே? நெறியாளர் இரண்டிலும் கையெழுத்து போடணுமாம்.

விஷயம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பேசுகிறவர் வேறு. ‘இன்னார் என் மேற்பார்வையில் செய்த ஆய்வு இது’ என்று சான்றிதழில் நெறியாளர் சொல்கிறார். ‘இது என் சொந்த ஆய்வு, வேறு எந்தப் பட்டத்துக்கும் அளிக்கப்படவில்லை’ என்று உறுதிமொழியில் நீங்கள் சொல்கிறீர்கள். அதில் உங்கள் கையெழுத்துதான் முக்கியம். சில துறைகள் கீழே நெறியாளர் கையெழுத்தையும் கேட்கும், அதற்கு இடம் விட்டுவிடுங்கள்.

இந்த இரண்டு பக்கத்திலும் அதிகம் சிக்கல் தருவது தலைப்பு. கடைசி நேரத்தில் நெறியாளர் ‘சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை’ என்பதை ‘சங்க இலக்கியங்களில்’ என்று திருத்துவார். தலைப்புப் பக்கம் மாறும், சான்றிதழில் பழையதே நிற்கும். பிரிண்ட் எடுப்பதற்கு முன் `Ctrl+F` அழுத்திப் பழைய தலைப்பைத் தேடுங்கள். ஓர் இடத்தில்கூட அது அகப்படக் கூடாது.

கலைக் கல்லூரி மாணவர்: எங்கள் துறையில் உறுதிமொழிதான் முன்னால் வரும். நீங்கள் சொன்னது தப்பு.

உங்கள் துறைக்கு அதுவே சரி. இரண்டு வழக்கமும் இருக்கின்றன, துறை தந்த மாதிரித் தாள்தான் முடிவு.

குழு புராஜெக்ட் செய்யும் மாணவி: நாங்கள் நாலு பேர். போனஃபைடில் 1 என்று பக்க எண் விழுகிறது, முதல் அத்தியாயம் 9-இல் தொடங்குகிறது.

முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண். தலைப்புப் பக்கம் i என்று கணக்கில் வரும், ஆனால் அச்சிடக் கூடாது. அடுத்து வரும் போனஃபைடில் ii என்று மேலே வலது மூலையில் தெரிய வேண்டும். முதல் அத்தியாயம் 1-இல் தொடங்கும்.

வேர்டில் முதல் அத்தியாயத்துக்கு முன் கர்சரை வைத்து `Layout > Breaks > Next Page` கொடுங்கள். அந்த அத்தியாயத்தின் ஹெட்டரில் `Link to Previous`-ஐ அணைத்துவிட்டு, `Format Page Numbers` போய் `Start at: 1` என்று வையுங்கள். அதை அணைக்காமல் ஒரு பகுதியில் எண்ணை அழித்தால் மற்றப் பகுதியிலும் போய்விடும். முன்பகுதிக்கு i, ii, iii வகையைத் தேர்ந்தெடுங்கள். தலைப்புப் பக்கத்தில் எண்ணை மறைக்க `Different First Page` போதும்.

நாலு பேர் பெயரும் பதிவெண்ணோடு போனஃபைடிலும் தலைப்புப் பக்கத்திலும் ஒரே வரிசையில் இருக்கட்டும்.

பி.எஸ்சி. மாணவர்: நன்றியுரையில் தாளாளர் முதலா, அப்பா அம்மா முதலா?

தாளாளர், முதல்வர், துறைத் தலைவர், நெறியாளர், அப்புறம் வீடு என்பது பல கல்லூரிகளின் வழக்கம். கடவுளுக்கு முதல் வரி தருகிறவர்களும் உண்டு, அது உங்கள் விருப்பம். லேபில் கருவியை இயக்கக் கற்றுத்தந்தவரை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘ஆய்வக உதவியாளர்களுக்கு நன்றி’ என்று பொதுவாக எழுதாமல், அவர் பெயரையும் செய்த உதவியையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.