ஐந்தாம் நம்பர் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் ஃபுட்பால் டீமில் 5-ஆம் நம்பர் ஜெர்சி போட்டுக்கொண்டு ஃபார்வர்டு ஆடுகிறேன். "5-ன்னா ஸ்டாப்பர்டா, பின்னால போ" என்று பழைய ஆட்டக்காரர் ஒருவர் ஒவ்வொரு மேட்ச்சிலும் கத்துகிறார். சட்டையில் இருக்கும் நம்பருக்கும் ஆடும் இடத்துக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: முதலில் அந்தப் பெரியவரைக் கேலி செய்வதை நிறுத்துங்கள். அவர் பழகிய ஆட்டத்தில் நம்பர் ஆளுக்குச் சொந்தமில்லை, இடத்துக்குச் சொந்தம். இங்கிலாந்தில் 1928-ல் ஆர்சனலும் செல்சியும் நம்பர் போட்டு ஆடிப் பார்த்தன, 1939-ல் அங்கே லீக் ஆட்டங்களில் அது கட்டாயமானது. கோல்கீப்பர் 1, இரண்டு பேக் 2, 3, நடுவரிசை மூவர் 4, 5, 6, முன்னால் ஐவர் வலமிருந்து இடமாக 7 முதல் 11 வரை. இந்த வாரம் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குப் பதில் வருபவர் அதே சட்டையைப் போடுவார், அவ்வளவுதான்.

அப்படியானால் நடுவரிசை 5 எப்படி ஸ்டாப்பர் ஆனார்? 1925-ல் ஆஃப்சைடு விதி மாறியது. பந்தை வாங்கப்போகும் ஆட்டக்காரருக்கு முன்னால் எதிரணியினர் 3 பேர் இருக்க வேண்டும் என்றிருந்தது, 2 பேர் போதும் என்று ஆனது. கோல்கள் கொட்டின. அதைத் தடுக்க நடுவரிசையின் நடு ஆளை இறக்கி இரண்டு பேக்குகளுக்கும் இடையில் நிறுத்தினார்கள். ஆள் பின்னால் போனார், நம்பர் மட்டும் பழைய வரிசைக் கணக்கிலேயே நின்றது, அதனால்தான் பின்வரிசை 2, 5, 3 என்று ஆனது. உங்கள் பெரியவர் கத்துவது இந்தக் கணக்கைத்தான்.

நம்பரை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. 1953-ல் வெம்ப்ளியில் ஹங்கேரியின் 9-ஆம் நம்பர் ஹிடெக்குட்டி, 9 நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி ஆடினார். அவரைப் பிடிக்க வேண்டிய இங்கிலாந்தின் 5, ஜான்ஸ்டன், பின்தொடர்ந்தால் பின்னால் ஓட்டை, நின்றால் அவர் தனியாகப் பந்தோடு திரும்புவார். ஹிடெக்குட்டி 3 கோல், ஹங்கேரி 6-3.

நம்பரை இடத்திலிருந்து பிரித்தது நிரந்தர நம்பர். உலகக் கோப்பையில் 1954-லேயே ஆளுக்கொரு நம்பர் வந்துவிட்டது. 1982-ல் அர்ஜென்டினா அகர வரிசையில் கொடுத்ததால் நடுக்கள ஆட்டக்காரர் ஆர்டிலெஸுக்கு 1, கோல்கீப்பர் ஃபில்லோலுக்கு 7! இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 1993-94 சீசனில்தான் முதுகில் பெயரும் சீசன் முழுக்க ஒரே நம்பரும் வந்தன. அப்புறம் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்தவரின் பெயரும் நம்பரும் போட்ட ஜெர்சியையே வாங்கத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர் இடம் மாறினாலும் நம்பர் அவரோடு போகிறது.

சரி, உங்கள் விஷயம். உங்கள் டீமில் ஒரே செட் ஜெர்சிதான், மேட்ச்சுக்கு மேட்ச் கைமாறும் என்றால் பெரியவர் சொல்வதைக் கேட்டு 9-ஐ வாங்கிப் போடுங்கள், உங்களோடு ஆடுபவர்களுக்கும் அது உதவும். சீசனுக்கே 5 உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் அதிலேயே ஃபார்வர்டு ஆடுங்கள், தப்பே இல்லை. ஆட்டத்தின் நடுவே மட்டும் ரெஃப்ரியிடம் சொல்லாமல் சட்டையை மாற்றிவிடாதீர்கள். அவர் மஞ்சள் கார்டை நம்பரைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்கிறார்.