கேட்டு வாங்குங்கள்: ஓய்வூதியக் கணக்கில் பங்கு எவ்வளவு, முறி எவ்வளவு?

நான் இலங்கைக் குடிமகன். திருச்சியில் இருக்கும் மச்சான் பெயரில் இந்தியாவின் என்பிஎஸ் ஓய்வூதியக் கணக்கு திறந்து, நான் காசு போடலாமா? (புதுக்குடியிருப்பு)

வேண்டாம். கணக்கு அவர் பெயரில் என்றால் காசும் அவருடையதுதான்.

வயது 53. இராமநாதபுரத்தில் பிறந்தவள், இந்தியக் கடவுச்சீட்டு உண்டு. மண்டபம் முகாமில் இருந்தவரைக் கட்டி, இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். என்பிஎஸ் கணக்கில் 10 இலட்சம் இந்திய ரூபாய் இருக்கிறது. முகவர் நிரப்பிய படிவத்தில் 75 வீதம் பங்குக்கு என்று இருப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

அக்கா, உங்களில் பிழையில்லை. வயதைக் கேட்காமல் கோடு போட்ட அந்த முகவரில்தான் பிழை.

உங்கள் காசு மூன்று பெட்டிகளில் இருக்கிறது: E பங்குகள், C கம்பனி முறிகள், G அரச முறிகள். உங்களுடையது Active Choice, எதில் எவ்வளவு என்று நீங்களே முடிவுசெய்யும் முறை. அதில் 75 வீதம் வரை E-யில் வைக்க விதி இடம் கொடுக்கிறது. வயது ஏறுகிறதே என்று உங்களுக்காக யாரும் அதைக் குறைக்க மாட்டார்கள். Auto Choice-இல் மட்டும்தான் வயதோடு அது தானாகக் குறையும். அதில் துணிச்சலான LC75 என்ற திட்டம் கூட 35 வயது வரைதான் பங்கில் 75 வீதம் வைத்திருக்கும். 45-இல் 35 வீதம், 55-இல் 15 வீதம் என்று இறங்கிவிடும்.

2020 ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தியாவின் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஏறத்தாழ 38 வீதம் விழுந்தது. அப்படியொரு சரிவு உங்கள் 59 வயதில் வந்தால், 75 வீதப் பங்கு இன்றைய 10 இலட்சத்தில் 2.85 இலட்சத்தைக் கொண்டுபோய்விடும். 20 வீதம் என்றால் போவது 76 ஆயிரம். 2020-இல் சந்தை அதே ஆண்டு நவம்பரில் எழுந்துவிட்டது, உண்மைதான். ஆனால் 2008 சரிவுக்குப் பிறகு பழைய உச்சத்தைத் தொட 2010 நவம்பர் ஆனது. 60-இல் காசின் ஒரு பகுதியைக் கொடுத்துத்தான் மாதாந்த ஓய்வூதியம் வாங்கப் போகிறீர்கள். அன்றைய விலைக்குத்தான் விற்க வேண்டிவரும்.

நான் சொல்வது இது: இப்போது E 40, C 20, G 40 ஆக்குங்கள். பிறகு ஒவ்வொரு பிறந்தநாளிலும் E-யில் 5 குறைத்து G-யில் சேர்த்துவிடுங்கள். 57-இல் E 20 ஆகும்; அதோடு நிறுத்துங்கள். கணக்குக்குள்ளேயே மாற்றுவதற்கு வரி இல்லை. ஒரு நிதியாண்டில் நான்கு தடவை மாற்றலாம். மாற்றப் போகும்போது ஓடிபி வரும். இந்திய சிம் கிளிநொச்சியில் செத்துக் கிடந்தால் முதலில் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் புதுப்பியுங்கள். இலங்கைக் குடியுரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே விசாரியுங்கள். இந்தியக் குடியுரிமை போனால் கணக்கையும் மூட வேண்டி வரலாம்.

வயது 27. சென்னையில் வேலை, குடும்பம் வவுனியாவில். நட்டமே வராது என்பதால் முழுவதையும் G-யில் போட்டிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை, தம்பி. "அரச முறி, நட்டமே வராது" என்று சொல்லி விற்பவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம். எனக்கும் ஒரு காப்புறுதியை "வங்கி வைப்பு மாதிரி" என்று சொல்லித்தான் விற்றார்கள். இடையில் முறிக்கக் கேட்டபோது கட்டியதில் பாதிகூடத் திரும்பவில்லை.

அரசு வட்டியைத் தரும், முதலையும் தரும். ஆனால் G பெட்டி முறிகளை அன்றன்றைய சந்தை விலையில் கணக்கிடுகிறது. 7 வீத வட்டியில் 100 ரூபாய்க்கு ஒரு பத்தாண்டு முறி இருக்கிறது என்று வையுங்கள். நாளை சந்தையில் புது முறி 8 வீதம் கொடுத்தால், உங்கள் பழைய 7 வீத முறியை யார் 100-க்கு வாங்குவார்? விலை ஏறத்தாழ 93-க்கு வந்துவிடும். தவணை நீளமாக இருந்தால் இன்னும் விழும். வட்டி இறங்கினால் இதே முறி விலையேறும். வட்டி ஏறும் காலத்தில் அறிக்கையைத் திறந்து, G-யிலும் சிவப்பு எழுத்தைக் கண்டு பதறி விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு 60 வர இன்னும் 33 வருடம் இருக்கிறது. இத்தனை காலத்தில் விலைவாசிதான் உங்களுக்குப் பெரிய எதிரி. முறியை மட்டும் நம்பி அதைத் தாண்டுவது கடினம். LC75 எடுங்கள். சரிவைப் பார்த்தால் நித்திரை வராது என்றால் LC50. அதில் 35 வயது வரை பங்கு 50 வீதம்தான்.

கணக்கு இருக்கிறது, எதைத் தெரிவுசெய்தேன் என்று ஞாபகமில்லை. பரவாயில்லையா? (மாங்குளம்)

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிவே செய்யாவிட்டால் LC50-இல்தான் போட்டிருப்பார்கள். அறிக்கையை எடுத்துப் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.

என் கணவருக்கு இங்கே ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. அதிலும் இப்படிப் பிரிக்கலாமா? (முல்லைத்தீவு)

முடியாது. அதை மத்திய வங்கி முதலீடு செய்கிறது, பெரும்பகுதி அரச முறிகளில். வீட்டில் ஒருவருக்கு என்பிஎஸ்ஸும் இருந்தால் இந்தப் பணத்தை முறிப் பக்கம் சேர்த்து எண்ணுங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே என்பிஎஸ்ஸில் எவ்வளவு பங்கு என்று முடிவெடுங்கள்.