கஸ்டமரின் ஆடிட்டர் பாக்கி சரியா என்று கேட்கிறார், நம் லெட்ஜர் வேறு சொல்கிறது

கேள்வி: கோவையில் சின்ன ஃபவுண்டரி நடத்துகிறேன். ஒரு பம்ப் கம்பெனிக்கு காஸ்டிங் சப்ளை. அவர்களுடைய ஆடிட்டரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மார்ச் 31 அன்று கம்பெனி எனக்குத் தர வேண்டியது ரூ.8,41,510, இது சரியா என்று கேட்கிறார். என் டாலியில் ரூ.9,71,350 காட்டுகிறது. கம்பெனியின் அக்கவுண்டன்ட் போன் செய்து, "சும்மா கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்புங்க சார், வித்தியாசத்தை அப்புறம் பேசி முடிச்சுக்கலாம்" என்கிறார். என்ன பதில் போடுவது?

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம். பதில் அனுப்பாமலும் இருக்க வேண்டாம். உங்கள் லெட்ஜரில் உள்ள 9,71,350-ஐ எழுதி, 1,29,840 ஏன் இடிக்கிறது என்று ஒரு பக்க விளக்கம் இணைத்து, நேராக ஆடிட்டருக்கே அனுப்புங்கள்.

அந்த அக்கவுண்டன்ட் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் அவர் மேசையில் இதுபோல நிறையக் கடிதம் கிடக்கும், ஒவ்வொன்றாக முடித்தால் போதும் என்றிருக்கும். ஆனால் பதில் அவர் கை வழியாகப் போனால் ஆடிட்டருக்கு அது பாதிச் சாட்சிதான். மூன்றாம் நபரிடமிருந்து தனக்கே நேராக வரும் பதிலைத்தான் அவர் நம்பிச் சேர்க்க முடியும். தணிக்கைத் தரம் 505 சொல்வது அதைத்தான். வித்தியாசம் இருக்கிறது என்று எழுதினால் ஆடிட்டர் கோபிப்பாரோ என்று பலர் தயங்குகிறார்கள். தர வேண்டிய பாக்கியில் அவர் தேடுவதே, கம்பெனி கணக்கில் ஏறாமல் விட்டுப்போன பில் ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான்.

முதலில் ஒரு சின்ன வேலை. ஆடிட்டர் அலுவலக மின்னஞ்சல் முகவரி சரியானதுதானா என்று கம்பெனியில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கியை உறுதி செய்ய உங்கள் பேங்க் கணக்கு எண் யாருக்கும் தேவையில்லை. அதைக் கேட்டால் உஷார்.

அடுத்து, கம்பெனியிடமிருந்து உங்கள் கணக்கின் லெட்ஜர் நகலை வாங்குங்கள். வந்ததும் மார்ச் மாதத்துக்குத் தாவாதீர்கள். போன வருட ஏப்ரல் 1 அன்றைய ஆரம்ப இருப்பை இரண்டு லெட்ஜரிலும் பாருங்கள். அங்கேயே இடித்தால் அந்தத் தொகை இந்த வருடத்து விவகாரமே இல்லை. அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மீதியைத் தேடுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு நாள் டிக் அடித்துக் களைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அந்த வரிசையில் நின்றவன்தான்.

நீங்கள் ஆரம்ப இருப்பிலிருந்தே இடிப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் ஃபவுண்டரி கணக்குகளில் வழக்கமாக வருவதை வைத்து, உங்கள் 1,29,840 இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் எண், தேதி, தொகையை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் துண்டு 68,440. மார்ச் 29 தேதியிட்ட பில், மதிப்பு 58,000, ஜிஎஸ்டி 10,440. அன்று மாலையே வண்டி போய்ச் சரக்கு இறங்கிவிட்டது. ஸ்டோர்ஸில் வருடக் கடைசி ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்ததால் சரக்கு வந்ததற்கான ஜிஆர்என் ஏப்ரல் 2 அன்றுதான் போட்டார்கள். அவர்கள் லெட்ஜரில் பில் ஏப்ரலில் ஏறியிருக்கிறது. உங்களிடம் உள்ள டெலிவரி நகலில் கேட் சீல் இருக்கிறதா, அதில் தேதி படிக்கிறதா என்று பாருங்கள். மார்ச் 29 என்று இருந்தால் இது அவர்கள் பக்கத் தாமதம், கடன் மார்ச்சில் வர வேண்டியது. கூடவே ஸ்டாக் எடுத்தபோது அந்தச் சரக்கை எண்ணினார்களா என்றும் ஆடிட்டர் பார்ப்பார், அது அவர் வேலை. ஆனால் சரக்கு உண்மையிலேயே ஏப்ரலில்தான் அவர்கள் கேட்டுக்குள் போனது, உங்கள் ஆர்டரும் "இடத்தில் கொண்டுவந்து இறக்கித் தர வேண்டும்" என்ற நிபந்தனையில் இருந்தது என்றால் நிலைமை வேறு. அப்போது அவர்கள் போட்டதுதான் சரி, உங்கள் மார்ச் விற்பனையில்தான் ஒரு பில் கூடுதலாக நிற்கிறது. அதை உங்கள் ஆடிட்டரிடம் சொல்ல வேண்டும். பதிலில் யார் சரி என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. பில் எண், பில் தேதி, வண்டி எண், கேட் சீல் தேதி, இவை போதும்.

இரண்டாவது, 2,400. வருடத்தில் 74 லட்சத்துக்கு (ஜிஎஸ்டி நீங்கலாக) வாங்கியிருக்கிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் போன 24 லட்சத்தில் 0.1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து உங்கள் கணக்கில் கழித்துவிட்டார்கள். நீங்கள் எண்ட்ரி போடவில்லை. இது உங்கள் பக்கப் பிழை, ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம்: ஜனவரி முதல் மார்ச் வரையான டிடிஎஸ் ரிட்டர்னுக்கு மே 31 வரை கெடு இருக்கிறது. அதற்கு முன், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸில் தேடி, காணோம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். "26ஏஎஸ்ஸில் வருவதைப் பொறுத்து ஏற்கிறோம்" என்று எழுதினால் போதும்.

மூன்றாவதுதான் சிக்கல். 70 உருப்படியில் ப்ளோ ஹோல் என்று பிப்ரவரியில் ரிஜெக்‌ஷன் டெபிட் நோட் போட்டிருக்கிறார்கள். உருப்படி 500 ரூபாய், ஜிஎஸ்டியோடு 41,300. உங்கள் ஆபீஸுக்கு அந்தக் காகிதம் வந்ததா என்றே சந்தேகம். இங்கே லெட்ஜரைப் பார்த்துப் பயனில்லை, உங்கள் கேட் ரிஜிஸ்டரைப் புரட்டுங்கள். மார்ச் 12 அன்று 42 உருப்படி திரும்பி வந்ததாக வாட்ச்மேன் கையெழுத்தில் இருக்கிறது, உருக்கவும் போட்டுவிட்டீர்கள். மீதி 28 எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்படியானால் 42-க்கு 24,780 ரூபாயை ஏற்றுக்கொள்ளுங்கள். 28-க்கான 16,520 தகராறில் நிற்கட்டும். 41,300 முழுதையும் மறுப்பதும் தப்பு, முழுதையும் விழுங்குவதும் தப்பு. ஏற்ற தொகைக்கு நீங்கள் ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட வேண்டும். அவர்கள் போட்ட டெபிட் நோட் மட்டும் உங்கள் வரியைக் குறைக்காது. அதற்கான கெடு அந்தச் சரக்கை சப்ளை செய்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் போடும் நாள், எது முந்தியோ அது.

நான்காவது 17,700. ஆரம்ப இருப்பிலேயே இடித்தது இதுதான். பிக் அயர்ன் விலை ஏறியபோது இரண்டரை வருடத்துக்கு முன்பு போட்ட சப்ளிமென்டரி பில், 15,000 கூட்டல் ஜிஎஸ்டி. அவர்கள் ஏற்கவே இல்லை, நீங்கள் எடுத்துவிடவும் இல்லை. பதிலில் "தகராறில் உள்ளது" என்று ஒரு வரி போதும். ஆனால் வெளியே ஒரு கடிகாரம் ஓடுகிறது. பாக்கி கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுதான். அந்தக் கெடு முடிவதற்குள், கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, பகுதித் தொகை கட்டி அது அவர் எழுத்தில் பதிவானாலோ கெடு புதிதாகத் தொடங்கும். நீங்கள் ஆடிட்டருக்கு எழுதும் பதில் எத்தனை முறை போனாலும் கெடுவை ஒரு நாள் கூட நகர்த்தாது, ஏனென்றால் அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. 17,700 வேண்டுமென்றால் இப்போதே பேசுங்கள், வேண்டாமென்றால் எழுதித் தள்ளிவிடுங்கள்.

அதே காரணத்தால் உங்களுக்கு வந்த கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், கம்பெனி சார்பில் கையெழுத்தாகி, "உங்களுக்கு ரூ.8,41,510 தர வேண்டியுள்ளது" என்று இருந்தால், அந்தத் தொகைக்கு அது கடன் ஒப்புதலாகப் பயன்படக்கூடிய காகிதம். கோப்பில் பத்திரமாக இருக்கட்டும். மாறாக, நீங்கள் 8,41,510 சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அதே ஆயுதம் எதிர்ப்பக்கம் போயிருக்கும். அது இறுதித் தீர்ப்பு இல்லைதான், ஆனால் "அப்போது ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?" என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கடிதத்தோடு வரும் படிவத்தில் பெரும்பாலும் "சரி", "சரியில்லை, எங்கள் கணக்குப்படி ரூ. ____" என்று இரண்டு வரி இருக்கும். முதல் வரியை அடித்துவிட்டு இரண்டாவதில் 9,71,350 எழுதி இந்த விளக்கத்தை இணையுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"மார்ச் 31 அன்று எங்கள் கணக்கில் உங்கள் வாடிக்கையாளர் தர வேண்டியது ரூ.9,71,350. அவர்கள் காட்டும் ரூ.8,41,510-உடன் வித்தியாசம் ரூ.1,29,840.

மார்ச் 29 பில், அவர்கள் ஏப்ரலில் பதிவு செய்தது: 68,440. கேட் சீல் உள்ள டெலிவரி நகல் இணைப்பு.
டிடிஎஸ், நாங்கள் பதிவு செய்யாதது: 2,400. 26ஏஎஸ்ஸில் வருவதைப் பொறுத்து ஏற்கிறோம்.
ரிஜெக்‌ஷன் டெபிட் நோட்: 41,300. இதில் திரும்பி வந்த 42 உருப்படிக்கு 24,780 ஏற்கிறோம், கிரெடிட் நோட் தருவோம். வராத 28-க்கான 16,520 ஏற்கவில்லை.
சப்ளிமென்டரி பில்: 17,700. தகராறில் உள்ளது.

இந்தக் கடிதம் எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுத்ததாகாது."

ஏற்றவற்றைக் கழித்தால் உங்கள் பக்கம் 9,44,170 வரும். அவர்கள் மார்ச் பில்லைச் சேர்த்தால் 9,09,950. நடுவில் நிற்பது 34,220. அதுவே 16,520-ம் 17,700-ம் சேர்ந்த தொகை. இந்த மூன்று எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கடிதத்தை அனுப்பாதீர்கள். பொருந்தவில்லை என்றால் இன்னும் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் கூரியரில் வந்துகொண்டிருந்த ஒரு செக், அல்லது வேறு கஸ்டமர் கணக்கில் வரவு வைத்த ஒரு தொகை. நாள் போதவில்லை, 5,000 ரூபாய் மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் "சரிபார்த்து வருகிறோம்" என்று தனி வரியாக எழுதுங்கள். அதை வேறொரு தலைப்பில் திணித்துக் கணக்கை நேராக்காதீர்கள்.

கடிதத்தில் "15 நாளில் பதில் இல்லையென்றால் சரியென்று எடுத்துக்கொள்வோம்" என்று இருந்தால் கட்டாயம் அதற்குள் பதில் போய்ச் சேரட்டும். மின்னஞ்சலில் ஆடிட்டர் முகவரி முதலில், கம்பெனி அக்கவுண்டன்ட் நகலில். அவர் போன் செய்வார். "சார், நேரா அனுப்பிட்டேன், உங்களுக்கும் காப்பி இருக்கு. மார்ச் பில்லுக்கு ஜிஆர்என் தேதியை ஸ்டோர்ஸ்ல ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த 28 உருப்படி எங்கே கிடக்கிறது என்று அவர்கள் குவாலிட்டி ஆட்களிடம் கேட்கப் போய்விடுங்கள்.