வேலணைக் காணிக்கு மழைநீர்த் தாங்கியா, குழாய்க்கிணறா?

“ஐயா, வேலணையில் எங்களுக்கு வீட்டோடு 4 பரப்புக் காணி. மிளகாய், கத்தரி வைக்கிறோம், கொஞ்சம் கோழியும் உண்டு. வீட்டில் 5 பேர். கிணற்றுத் தண்ணீர் மாரியில் நல்லது, வைகாசியில் சவர்த்துவிடும். அதிலிருந்து ஐப்பசி நடுப்பகுதிவரை வருடத்துக்கு 24 தரம் பவுசரில் 1000 லீற்றர் வீதம் வாங்குகிறோம், ஒருதரம் 1500 ரூபா. 60 அடிக்குக் குழாய்க்கிணறு அடித்து மோட்டர் பூட்ட 2,75,000 ரூபா கேட்கிறார்கள். 10,000 லீற்றர் மழைநீர்த் தாங்கி, பீலியோடு சேர்த்து 2,40,000. ஓட்டுக்கூரை 900 சதுர அடி. உரும்பிராயில் மச்சானுடைய குழாய்க்கிணறு நன்றாக ஓடுகிறது. எதற்குக் காசைப் போடலாம்?”

குழாய்க்கிணறு அடிக்க வேண்டாம். தாங்கியைக் கட்டலாம், ஆனால் அந்த 2,40,000 திரும்பிவர ஏறக்குறைய 12 வருடமாகும் என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள். அதற்கு முன் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது.

தாளில் மட்டும் போட்டால் குழாய்க்கிணறுதான் வெல்லும். வருடம் 36,000 ரூபா பவுசர்க் காசு மிச்சம், 8 வருடத்துக்குள் முதல் வந்துவிடும் என்றுதான் அடிப்பவரும் சொல்லியிருப்பார். பிழை எங்கே என்றால், பவுசருக்குக் காசு போகும் மாதங்களில் அந்தக் குழாய் நல்ல தண்ணீர் தருமா என்று அந்தக் கணக்குக் கேட்கவில்லை.

தீவுப்பகுதியின் நிலத்தடி நன்னீர் தனியாக ஒரு குளம்போல் கிடப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் புகுந்திருக்கும் கடல்நீருக்கு மேலே, மழையால் சேர்ந்த நன்னீர் மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் சற்று இலேசானது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிவரை அது உவரைத் தள்ளி வைத்திருக்கும். மறுபக்கமாகவும் அதே கணக்குத்தான்: கோடையிலும் இறைப்பிலும் மேல்மட்டம் அரை அடி இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உவர் 20 அடி மேலே ஏற இடமுண்டு. நடைமுறையில் நன்னீரும் உவரும் கோடு கீறினதுபோல் பிரிந்து நிற்பதும் இல்லை, இடையில் கலந்த படை ஒன்று இருக்கும். ஆகவே உண்மையான நன்னீர்த் தடிப்பு இந்த விதி சொல்வதை விடக் குறைவு.

இப்போது உங்கள் கிணற்றைப் பாருங்கள். வைகாசியில் அது சவர்க்கிறது என்றால், கலந்த படை உங்கள் கிணற்றின் அடிவரை ஏறிவிட்டது. 60 அடிக் குழாயின் வாய் அதற்கும் கீழே நிற்கும். மேலே சவர்த்திருக்கும்போது கீழே நன்னீர் கிடைக்க வழியே இல்லை. தையிலும் மாசியிலும் குழாய் கொஞ்சம் நல்ல தண்ணீர் தரலாம். அந்த மாதங்களில் கிணறே அதைச் சும்மா தருகிறது. ஆக, அந்தக் குழாயால் ஒரு பவுசர்கூடக் குறையாது, மிச்சப்படும் காசு முதல் வருடத்திலிருந்தே பூச்சியம்.

கயிறு கட்டி நீர் மொண்டு அளப்பது என் வேலையாக இருந்த காலத்தில், தீவொன்றில் இப்படி அடித்த குழாயை நான் மாதாமாதம் பார்த்தேன். பங்குனியில் நல்லாக இருந்தது, ஆடியில் சட்டியில் உப்புப் படிந்தது. அதை விட மனவருத்தமான விடயம், முப்பது அடி தள்ளி இருந்த அயல்வீட்டுக் கிணறு அடுத்த கோடையில் வழமையை விட முன்னதாகவே சவர்த்தது. ஆழத்தில் ஓரிடத்திலிருந்து பலமாக இழுக்கும்போது உவர் அந்த இடத்தை நோக்கிக் கூம்புபோல் எழும்பும். எழும்பினது மோட்டரை நிறுத்தியதும் கீழே போய்விடாது, அடுத்த மாரிவரை காத்திருக்க வேண்டும்.

உரும்பிராய்க் கிணற்றை வேலணையோடு ஒப்பிடக் கூடாது. வலிகாமத்தின் நடுப்பகுதியில் நிலம் அகலம், கடல் தூரம், நன்னீர்ப் படை தடிப்பு. அங்கேயே கூட ஆழம் போவது காப்பு இல்லை. நிலாவரைக் கிணறு வற்றாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதன் மேற்பகுதிதான் நன்னீர், ஆழத்தில் உவர். மச்சானும் வருடத்துக்கு ஒருதரம் தன் தண்ணீரை நைத்திரேற்றுக்குப் பரிசோதிப்பது நல்லது. அந்தப் பகுதித் தோட்டங்களில் போடும் உரம் செம்மண்ணையும் கல்லையும் தாண்டி நீருக்குள் இறங்குகிறது.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை, நீங்களே அளக்கலாம். மின்கடத்துதிறன் மானி என்று பேனா அளவில் ஒன்று விற்கிறார்கள், நீரில் உப்புக் கூடக் கூட அது காட்டும் இலக்கமும் கூடும். ஒரு போத்தலில் கல்லைக் கட்டி, மூடியைத் தனிக்கயிற்றால் இழுத்துத் திறக்கும்படி செய்து கிணற்றின் அடிக்கு இறக்குங்கள். மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மிளகாய்க்கு 1000 மைக்ரோசீமென்ஸுக்குள் இருந்தால் விளைச்சல் குறையாது. அடிநீர் மேல்நீரை விட மிகக் கூடுதலாகக் காட்டினால், 60 அடியில் என்ன இருக்கும் என்பதற்கு அதுவே விடை.

செலவில்லாத வேலை என்று சொன்னது இதுதான். மோட்டரின் புட்வால்வு இப்போது கிணற்றின் அடியில் கிடக்கும், அங்கேதான் சவர் முதலில் வரும். அதை நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே நிற்கும்படி தூக்கிக் கட்டுங்கள், மட்டம் இறங்க இறங்க நீங்களும் இறக்கிக் கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலம் இறைக்காமல் காலையில் அரை மணி, பின்னேரம் அரை மணி என்று பிரித்து இறையுங்கள். மேற்படையை மட்டும் மெதுவாக எடுத்தால் உவர் எழும்புவது பிந்தும். சவர்ப்பு ஒரு மாதம் பிந்தினாலே 4 பவுசர், அதாவது 6000 ரூபா.

இனித் தாங்கி. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். உங்கள் கூரை ஏறக்குறைய 84 சதுர மீற்றர். ஓட்டில் ஊறுவதும் சிந்துவதும் போக 100க்கு 80 பீலிக்கு வரும் என்று எடுத்தால், ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 67 லீற்றர். மாரியில் ஐப்பசி தொடக்கம் மார்கழிவரை யாழ்ப்பாணத்தில் 800 மில்லிமீற்றர் அளவில் பெய்யும். அது 50,000 லீற்றருக்கு மேல். 150 மில்லிமீற்றரிலேயே 10,000 லீற்றர்த் தாங்கி நிறைந்துவிடும், மீதி வழிந்தோடும்.

இதைப் பார்த்துத்தான் பலரும் கூரையில் விழும் மழை முழுவதற்கும் காசு போட்டு ஏமாறுகிறார்கள். உங்களுக்கு மிச்சம் தருவது கூரையில் விழுந்த தண்ணீர் அல்ல, வைகாசி முதலாம் திகதி தாங்கிக்குள் இருக்கும் தண்ணீர். அதனால் தையிலிருந்து சித்திரைவரை அதைத் தொடாதீர்கள், கிணற்றைப் பாவியுங்கள். வைகாசியில் திறந்தால் ஆடி முதற்கிழமைவரை வரும். பிறகு பவுசர்தான். புரட்டாதியில் வழமையாகப் பெய்யும் 50, 60 மில்லிமீற்றர், வெறுமையாய் இருக்கும் தாங்கிக்குள் இன்னொரு 4000 லீற்றரைச் சேர்க்கும். அடியில் எப்போதும் 500 லீற்றர் விட வேண்டும் (பெரோசீமெந்துத் தாங்கி கோடையில் முழுக்கக் காய்ந்தால் வெடிக்கும்). அதைக் கழித்தால் வருடத்துக்கு 13,500 லீற்றர், ரூபாயில் ஏறக்குறைய 20,000. 2,40,000ஐ அதால் பிரித்தால் 12 வருடம். ஒழுங்காகக் கட்டி, பூசியபின் இரண்டு கிழமை ஈரச்சாக்கால் மூடி நனைத்து வைத்த தாங்கி 20 வருடத்துக்கு மேல் நிற்கும். பவுசர் விலை ஏறினால் கணக்கு இன்னும் சுருங்கும்.

மேசனிடம் 20,000 லீற்றருக்கும் விலை கேளுங்கள். பீலி, குழாய், அத்திவாரத்துக்கு நிலம் வெட்டுவது எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் கூடுதல் கொள்ளளவு மலிவாக வரும். அந்த இரண்டாவது 10,000 லீற்றரும் முழுக்கப் பவுசருக்குப் பதிலாகவே போகும், வருடம் 15,000 ரூபா. அதற்கு 1,80,000க்குள் கேட்டால் முதல் தாங்கியை விட நட்டமில்லை, அதற்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள். 20,000 லீற்றருக்கு மேல் போக வேண்டாம், நீங்கள் வாங்குவதே 24,000தான்.

தோட்டத்துக்கு இந்தத் தண்ணீரை நினைக்கவே வேண்டாம். ஒரு பரப்பு மிளகாய்க்குக் கோடையில் நாளுக்கு 1000 லீற்றருக்கு மேல் வேண்டும், முழுத்தாங்கியும் பத்து நாளில் முடிந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் நட்டுச் சித்திரைக்குள் பறித்து முடிக்கிற பயிரை வையுங்கள், கிணறு தாங்கும்.

தாங்கியால் வரும் காசைத் தின்பது ஒழுக்குத்தான். மாரி முடிந்ததும் தைமாதத்தில் ஒரு பின்னேரம் நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, குழாயை மூடி, அடுத்த நாள் பின்னேரம் பாருங்கள். நாளுக்கு 30 லீற்றர் கசிந்தால் கண்ணுக்குப் பெரிதாய்த் தெரியாது, ஆனால் தைமுதல் சித்திரைவரை 3600 லீற்றர் போய்விடும். அது 5400 ரூபா. அடுத்தது, மாரியின் முதல் மழையை உள்ளே விடாதீர்கள். ஓட்டில் ஒரு கோடைக்காலத்துத் தூசியும் காகத்தின் எச்சமும் இருக்கும். பீலிக்குழாயை அந்த மழைக்குக் கழற்றி வெளியே விட்டால் போதும், பிறகு ஒவ்வொரு மழைக்கும் 50 லீற்றர்ப் பரல் ஒன்று முதல்நீரைப் பிடிக்கட்டும். வாயிலும் வழிவாயிலும் நுளம்பு புகாத வலை வேண்டும். டெங்கு மாரியில்தான் பெருகும், தாங்கி நிறைந்திருப்பதும் அப்போதுதான். குடிக்க எடுக்கும்போது கொதிக்க வையுங்கள்.

விலை பேச முன் ஒன்றை விசாரியுங்கள். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. உங்கள் வீதியில் குழாய் பதித்து, இணைப்புக் கிடைக்கும் நாளும் கிட்டத்தில் என்றால், நீங்கள் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு லீற்றரின் பெறுமதியும் பவுசர் விலையிலிருந்து குழாய்நீர்க் கட்டணத்துக்கு இறங்கிவிடும். அப்போது 12 வருடக் கணக்கு நிற்காது. இரண்டு வருடத்துக்குள் இணைப்பு வரும் என்று பிரதேச அலுவலகத்தில் தெளிவாகச் சொன்னால் சீமெந்துத் தாங்கியை விட்டுவிட்டு, பீலியை மட்டும் கட்டி, ஒரு சின்னப் பிளாஸ்ரிக் தாங்கியோடு சமாளியுங்கள். தேவை முடிந்தால் அதை விற்கவும் முடியும். அப்படி உறுதியாக யாரும் சொல்லவில்லை என்றால் ஆவணிக்குள் கட்டி முடிக்கப் பாருங்கள், பூச்சு இறுகி ஐப்பசி மழையைப் பிடிக்க நேரம் சரியாக இருக்கும்.